கொடுத்தது கடனா, சீரா?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மதுரையில் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து, 2022 மே மாதம் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. பணிக்கொடை, சேமநிதி எல்லாம் சேர்ந்து வங்கிக் கணக்கில் கணிசமான தொகை வந்து விழுகிறது. சென்னையில் இருக்கும் தம்பி ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு மீதிப் பணத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறார். "அக்கா, பதினஞ்சு லட்சம் இருந்தா பத்திரத்தை முடிச்சிடுவேன். ரெண்டு வருஷத்துல திருப்பிடுறேன்" என்கிறார். ஜூன் 10ஆம் தேதி அக்கா 12 லட்சம் ரூபாயை ஆர்டிஜிஎஸ் மூலம் அனுப்புகிறார். பதிவுச் செலவுக்கென்று மீதி 3 லட்சத்தை ரொக்கமாகக் கொடுக்கிறார். தாளில் ஒரு வரி எழுதப்படவில்லை. அக்கா தம்பிக்கு நடுவில் எழுத்து எதற்கு?

2025 தீபாவளி சமயத்தில் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. பணத்தைக் கேட்கிறார். தம்பி மழுப்புகிறார். தம்பி மனைவிதான் வாய் திறக்கிறார்: "அது வீட்டுக்கு நீங்க செஞ்ச சீர்னுதானே அண்ணி நாங்க நினைச்சுக்கிட்டு இருந்தோம்?"

அவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. கணவர் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கக்கூடும். மூன்று வருடத்தில் அவருமே அப்படி நம்பத் தொடங்கியிருக்கக்கூடும். கல்யாண மண்டபத்து வாசலில் 500 ரூபாய் மொய்க்கு மேசை போட்டு, நோட்டில் ஊரும் பேரும் எழுதும் பழக்கம் உள்ளவர்கள் நாம். ஆனால், வீட்டுக்குள் கைமாறும் 15 லட்சத்துக்கு எழுத்து கேட்டால் மட்டும் அது உறவைச் சந்தேகிப்பதாகிவிடுகிறது.

இந்த அக்கா வழக்கறிஞரிடம் போனால் என்ன கேட்க நேரும்? வங்கி ஸ்டேட்மென்ட்டை நீட்டுவார். அதில் 12 லட்சம் போனது தெரியும். ஏன் போனது என்பது தெரியாது. பணம் கைமாறியதற்கு அது சான்று. கடனாகத்தான் கைமாறியது என்பதற்கு அது மட்டும் போதாது. கடன் என்று சொல்லி வழக்குப் போடுகிறவர்தான் அதைக் கடன் என்று நிரூபிக்க வேண்டும். நெருங்கிய உறவுக்குள் பணம் அன்பளிப்பாகப் போவது நம் ஊரில் சாதாரணம் என்பதால், எதிர்த்தரப்பின் "சீர்" என்ற பதிலுக்கும் கனம் உண்டு. வாட்ஸ்ஆப்பில் "சீக்கிரம் தந்துடறேன்கா" என்று தம்பி அனுப்பிய செய்தி இருந்தால் கொஞ்சம் உதவும். ஆனால் அதை நீதிமன்றம் ஏற்க, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டப்படி ஒரு சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். போனை மாற்றும்போது பழைய செய்திகளைத் தொலைத்துவிட்டவருக்கு அந்த உதவியும் கிடையாது.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் வழக்கறிஞரின் அடுத்த கேள்வியில் இருக்கிறது. "பணம் கொடுத்தது என்றைக்கு?"

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கடனாகக் கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான் அவகாசம். திருப்பித் தரும் தேதியைக் குறிப்பிடாமல், கேட்கும்போது தர வேண்டும் என்று கொடுத்த கடனில் அந்த மூன்று வருடம் பணம் கொடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். நாம் என்றைக்குக் கேட்டோம், அவர் என்றைக்கு மறுத்தார் என்பதெல்லாம் கணக்கில் வராது. 2022 ஜூன் 10 அன்று கொடுத்த 12 லட்சத்துக்கு 2025 ஜூன் 10 அன்று கெடு முடிந்துவிட்டது. அக்கா கேட்டதோ தீபாவளிக்கு. ரெண்டு வருடத்தில் தருவதாகச் சொன்னாரே, அந்த ரெண்டு வருடம் முடிந்த பிறகுதானே கெடு தொடங்க வேண்டும் என்று வாதாடலாம். ஆனால் அப்படிச் சொன்னதற்கும் ஆதாரம் வேண்டுமே. குடும்பத்துக்குள் கேட்கக் கூச்சப்பட்டு, பொங்கல் போகட்டும், பிள்ளை பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் தங்கள் உரிமையைத் தாங்களே கரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இடையில் தம்பி மாதம் 5,000 ரூபாய் அனுப்பிக்கொண்டிருந்தால்? கடனில் ஒரு பகுதியைக் கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்தால், கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால், பணம் கட்டியதைக் கட்டியவர் தன் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். எதற்கென்று சொல்லாமல் கணக்கில் வந்து விழும் 5,000 ரூபாயை, "அக்கா செலவுக்கு அனுப்பினேன்" என்று சொல்லிவிட ஒரு நொடி போதும்.

சரி, 2022 ஜூன் 10 அன்று என்ன செய்திருக்க வேண்டும்?

கடன் என்றால் புரோநோட்டு. கிராமத்துப் பெரியவர்கள் "நோட்டு எழுதிக்கோ" என்று சொன்னது இதைத்தான். வெள்ளைத்தாள் போதும், பதிவு அலுவலகம் போக வேண்டாம். தேதி, ஊர், வாங்கியவர் பெயரும் முகவரியும், கொடுத்தவர் பெயர், தொகை எண்ணாலும் எழுத்தாலும், அதன் பிறகு வாசகம். நம் அக்கா தம்பிக்கு அது இப்படி இருந்திருக்கலாம்:

"வீடு வாங்கும் செலவுக்காக இன்று தங்களிடம் வங்கி மூலம் நான் கடனாகப் பெற்றுக்கொண்ட ரூபாய் 12,00,000 (பன்னிரண்டு லட்சம் மட்டும்). இந்தத் தொகையைத் தாங்கள் கேட்கும்போது தங்களிடமாவது தங்கள் உத்தரவு பெற்றவரிடமாவது வட்டியின்றிச் செலுத்த உறுதி கூறுகிறேன்."

கீழே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் படும்படி வாங்கியவர் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டாம்ப்பைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். வேறு பல ஆவணங்களில் முத்திரைத்தீர்வை குறைந்துபோனால் பிறகு அபராதத்தோடு கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். புரோநோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஸ்டாம்ப் ஒட்டாத நோட்டை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. அஞ்சலகத்தில் கிடைக்கும் அந்தச் சின்ன ஸ்டாம்ப் இல்லாததால் லட்சக்கணக்கான ரூபாய்க்கான நோட்டு வெறும் தாளாகிவிடும்.

வட்டியைப் பற்றியும் ஒரு சொல் எழுதிவிட வேண்டும். சொந்தத்துக்குள் வட்டி வாங்குவதில்லை என்றால் "வட்டியின்றி" என்றே எழுதலாம். அதில் சட்டச் சிக்கல் இல்லை. ஒன்றும் எழுதாமல் விட்டால், பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஆண்டுக்கு 18 சதவீதம் என்று கணக்கிட, காசோலை வழக்குகளில் நாம் கேள்விப்படும் அதே மாற்றுமுறை ஆவணச் சட்டம் இடம் தருகிறது. தம்பிக்கு எதிராக அந்த 18 சதவீதத்தைக் கேட்க எந்த அக்காவும் நினைத்திருக்க மாட்டார். ஆனால், நோட்டு நாளைக்கு அக்காவின் மருமகன் கைக்குப் போகலாம். வட்டி உண்டு என்றால் "நூத்துக்கு ஒண்ணு" என்று வாய்வழக்கில் விடாமல், ஆண்டுக்கு 12 சதவீதம் என்று தெளிவாக எழுதுவது நல்லது. வாங்கும் வட்டி கொடுத்தவரின் வருமானம் என்பதால், அதை வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும்.

நோட்டுக்கும் ஆயுள் மூன்று வருடம்தான். அதனால்தான் பழைய ஆட்கள் மூன்றாம் வருடம் முடிவதற்குள் நோட்டை மாற்றி எழுதி வாங்குவார்கள். அல்லது ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, நோட்டின் பின்பக்கம் "இன்று ரூ. 50,000 அசலில் செலுத்தினேன்" என்று கடன் வாங்கியவர் கையாலேயே வரவு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அதை வாங்கியவரேதான் எழுத வேண்டும். பணம் கொடுத்தவர் தன் டைரியில் எழுதிவைத்துக்கொள்ளும் வரவு, கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது.

இவ்வளவு பெரிய தொகையைத் தவணையாகத் திருப்புவதாக இருந்தால், நோட்டைவிட ஒரு கடன் ஒப்பந்தம் வசதி. மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் தொடங்கும், வீட்டை இடையில் விற்றால் முதலில் யாருக்குப் பணம் என்றெல்லாம் விரித்து எழுதலாம். திருப்ப வேண்டிய தேதி எழுதப்பட்டிருந்தால் கெடுவும் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். இதற்கு முத்திரைத்தீர்வை வேறு கணக்கு. வாசகத்தைப் பொறுத்து மாறும். எழுதும் முன் வழக்கறிஞரிடமோ விஷயம் தெரிந்த பத்திர எழுத்தரிடமோ கேட்டுக்கொள்வது அவசியம்.

இந்த இடத்தில் பலர் சறுக்கும் ஒரு பொறியைச் சொல்ல வேண்டும். தம்பி மீதிப் பணத்துக்கு வங்கியில் வீட்டுக்கடன் கேட்கிறார். உங்கள் பங்காகக் கட்டிய 15 லட்சம் எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்கும். அக்காவிடம் கடன் வாங்கியது என்றால், அதுவும் அவர் தலையில் இருக்கும் ஒரு கடனாகிவிடும். வங்கி கொடுக்கும் தொகை குறையலாம். "அக்கா கிஃப்ட்னு ஒரு லெட்டர் மட்டும் போட்டுக் கொடுங்க, ஃபார்மாலிட்டிதான்" என்று தம்பி கேட்பார். அக்காவும் கையெழுத்துப் போடுவார். அந்தக் கடிதத்தில், இந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று அவர் கைப்படவே எழுதியிருக்கும். பின்னாளில் வழக்கு வந்தால், எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டப்போவது அந்தக் காகிதத்தைத்தான். கடன் கொடுத்துவிட்டு அன்பளிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் வங்கியிடம் பொய் சொல்கிறார், தன் கடனையும் தானே அழிக்கிறார். எவ்வளவு கெஞ்சினாலும் இதற்கு இணங்கக் கூடாது என்பது என் கருத்து.

உண்மையிலேயே திருப்பி வாங்கும் எண்ணம் இல்லை என்றால், அதையும் எழுதத்தான் வேண்டும். பணமாகக் கொடுக்கும் அன்பளிப்புக்குப் பதிவு கட்டாயமில்லை. பணம் கைமாறி, பெற்றவர் ஏற்றுக்கொண்டாலே அது முழுமை பெற்றுவிடும். நிலம், வீடு என்றால்தான் பதிவு செய்த தானப் பத்திரம் வேண்டும். ஆனாலும் தேதி, தொகை, வங்கிப் பரிமாற்ற எண், உறவுமுறை, "அன்பின் காரணமாக, திரும்பப் பெறும் எண்ணமின்றிக் கொடுக்கிறேன்" என்ற வரி, கீழே "ஏற்றுக்கொண்டேன்" என்று பெற்றவர் கையெழுத்து, இவ்வளவும் உள்ள ஒரு கடிதம் இரண்டு பிரதியாக இருவரிடமும் இருக்கட்டும். அது யாருக்கு உதவும்? பெற்றவருக்கு. கொடுத்தவர் காலமான பிறகு, அவருடைய மற்ற வாரிசுகள் "எங்கம்மா உங்களுக்குக் கடன்தானே கொடுத்தாங்க" என்று வந்து நிற்கும்போது காட்ட அவருக்கும் ஒரு தாள் வேண்டும்.

வருமான வரியைப் பொறுத்தவரை, உடன்பிறந்தவர்கள், பெற்றோர், பிள்ளைகள், கணவன் மனைவி ஆகியோரிடமிருந்து பெறும் அன்பளிப்புக்குத் தொகை எவ்வளவானாலும் பெற்றவருக்கு வரி இல்லை. ஆனால் நாம் சொந்தம் என்று நினைக்கும் எல்லோரும் சட்டத்தின் உறவுப் பட்டியலில் இல்லை. தாய்மாமன் மருமகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை. அதே மருமகன் வளர்ந்து சம்பாதித்துத் தாய்மாமனுக்குக் கொடுத்தால், ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டும்போது முழுத் தொகையும் மாமனின் வருமானமாகிவிடும். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளுக்கு இடையிலும் அப்படித்தான். அண்ணன் தம்பி என்றே வளர்ந்திருந்தாலும் அவர்கள் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள்.

ரொக்கம் வேறு விதமான தலைவலி. நம் உதாரணத்தில் அந்த 3 லட்சம் கடன் என்றால், 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு தொகையை, அதாவது 3 லட்சத்தை, அபராதமாக விதிக்க இடம் இருக்கிறது. இருவருக்கும் விவசாய வருமானம் மட்டுமே இருந்து, வரி கட்டும் வேறு வருமானம் இல்லை என்றால் இதில் விலக்கு உண்டு. அன்பளிப்பு என்று சொன்னாலும் தப்பிக்க முடியாது. ஒரே நபரிடமிருந்து ஒரே நாளிலோ ஒரே நிகழ்வுக்காகவோ 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதற்கும் தனியே தடை இருக்கிறது. எந்த வழியாகப் பார்த்தாலும், குடும்பத்துக்குள் பெரிய தொகை வங்கி வழியாகத்தான் போக வேண்டும்.

தகராறு மிகக் கடுமையாகக் கிளம்புவது கொடுத்தவர் இறந்த பிறகுதான். அப்பா தன் கடைசிக் காலத்தில் மூத்த மகனின் கடைக்கு 20 லட்சம் கொடுக்கிறார். உயில் எழுதாமல் இறந்துபோகிறார். அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள் என நான்கு வாரிசுகள். அது கெடு தாண்டாத கடன் என்றால், அப்பாவுக்கு வர வேண்டிய அந்த 20 லட்சமும் அவருடைய சொத்துதான். ஆளுக்கு 5 லட்சம் பங்கு. மூத்தவர் தன் 5 லட்சம் போக 15 லட்சத்தை மற்ற மூவருக்கும் தர வேண்டியிருக்கும். அது அன்பளிப்பு என்றால், ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. அதோடு, மீதிச் சொத்திலும் அவருக்குச் சமமாகக் கால் பங்கு உண்டு. அப்பா உயிரோடு இருக்கும்போது ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததை அவன் பாகத்தில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இல்லை. "அண்ணன்தான் ஏற்கெனவே வாங்கிட்டானே" என்று தங்கை ஆதங்கப்படுவது நியாயமாக இருக்கலாம். சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஒரே சொல்லில் 15 லட்சம் வித்தியாசம் வருகிறது. அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டியவர் இப்போது இல்லை.

இதைத் தடுக்க அப்பாவால் மட்டுமே முடியும். அதற்கு உயிலில் இரண்டு வரி போதும். கொடுத்த தேதியையும் தொகையையும் குறிப்பிட்டு, "இதை மூத்த மகனின் பாகத்தில் கழித்துக்கொண்டு மீதியைப் பிரித்துக்கொள்ள வேண்டியது" என்றோ, "இது அவனுக்கு நான் கொடுத்த அன்பளிப்பு, பாகத்தில் கழிக்க வேண்டியதில்லை" என்றோ எழுதலாம். எதை எழுதினாலும் கொடுக்கும்போதே மற்றப் பிள்ளைகளையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுவது நல்லது. அன்றைக்கு ஒரு மனத்தாங்கல் வரும். ஆனால் பதில் சொல்ல அப்பா இருப்பார்.

வயதான பெற்றோர் கையிலிருப்பதை எல்லாம் பிள்ளைக்குக் கொடுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொடுத்து முடித்த அன்பளிப்பை மனம் மாறித் திரும்பக் கேட்க முடியாது என்பதே பொது விதி. 60 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. தன் அடிப்படைத் தேவைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்து, பெற்றவர் அதைச் செய்யாவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்து அந்தக் கொடையை ரத்து செய்யக் கோரலாம். அந்த நிபந்தனை ஆவணத்திலேயே எழுத்தில் இருந்தால் வாதாட வேண்டிய வேலை பெருமளவு குறையும்.

எழுத்துக் கேட்பது எப்படி என்பதுதான் பலரின் தயக்கம். "உன்னை நம்பாமல் இல்லை. எனக்கோ உனக்கோ ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகளுக்கு விவரம் தெரிய வேண்டும்" என்று சொல்லலாம். அது சாக்கு இல்லை, உண்மையான காரணமே அதுதான். கொடுப்பவர் தனக்குள்ளும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தப் பணம் திரும்பி வராவிட்டால் என் மருத்துவச் செலவும் பெண்ணின் கல்யாணமும் நடக்குமா? நடக்காது என்றால் அது கடன்தான். பெருந்தன்மையாகப் பேசிவிட்டு மனதில் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது இருவருக்கும் நல்லதல்ல. முழுவதையும் ஒரே பெயரில் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. 15 லட்சத்தில் 5 லட்சம் வீட்டுக்கு என் அன்பளிப்பு, 10 லட்சம் கடன் என்று பிரித்து, இரண்டு தனித்தனிப் பரிமாற்றமாக அனுப்பி, இரண்டு தாள் எழுதலாம். பாசத்துக்கும் இடமிருக்கும், கணக்கும் குழம்பாது.

ஏற்கெனவே எழுத்தில்லாமல் கொடுத்துவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கே பாஸ்புக்கை எடுத்து, பணம் போன தேதியைப் பாருங்கள். மூன்று வருடம் முடியவில்லை என்றால், "இன்ன தேதியில் தங்களிடம் கடனாகப் பெற்ற இவ்வளவு ரூபாய் இன்றுவரை பாக்கி உள்ளது" என்று வாங்கியவர் கையெழுத்தோடும் தேதியோடும் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். அந்தக் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும். கெடு தாண்டியிருந்தால், பழைய கடனை ஒப்புக்கொள்வது மட்டும் போதாது. "இந்தத் தொகையைச் செலுத்துகிறேன்" என்று புதிதாக உறுதி கூறி அவர் கையெழுத்திட்டால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லும். இப்படிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த மட்டும் எந்தச் சட்டத்திலும் வழியில்லை.